மூன்று முறை போன வேலை: ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் மக்கள் நலப் பணியாளர்கள், 1990 முதல் 2023 வரை

தமிழ்நாட்டில் ஊரக வளர்ச்சித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குரூப் 4 தேர்வு எழுதி இளநிலை உதவியாளராக ஒன்றிய அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கே கண்ணெதிரே நடந்த ஒன்றை இங்கே முதலிலிருந்து பதிவு செய்கிறேன். அரசாணைகளும் தீர்ப்புகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவை ஒரு மனிதரை, அவர் வேலை பார்த்த ஊரை என்ன செய்தன என்பது பெரும்பாலும் எழுதப்படவில்லை. ஆட்கள், ஊர், ஒன்றியம் ஆகியவற்றின் பெயர்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

1989இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு, படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த கிராமத்து இளைஞர்களுக்காக மக்கள் நலப் பணியாளர் என்ற வேலையை உருவாக்கியது. ஊராட்சிக்கு இரண்டு பேர். மாநிலம் முழுவதும் 25,000 பேருக்கு மேல். மதுவிலக்குப் பிரச்சாரம், முதியோர் கல்வி, சிறுசேமிப்பு போன்றவை அவர்களுக்குச் சொல்லப்பட்ட பணிகள். மாதாமாதம் ஒரு சிறிய மதிப்பூதியம்.

நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஊராட்சியில் அன்று எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் தட்டுப்பாடு உண்மையிலேயே இருந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு புள்ளிவிவரம் கேட்டால் வந்து சேர ஒரு மாதம் ஆகும்.

குறை இருந்தது ஆள் எடுத்த முறையில். தேர்வாணையத்தின் போட்டித் தேர்வு இல்லை. எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட்ட மதிப்பெண் பட்டியல் இல்லை. எங்கள் ஒன்றியத்துக்கான பெயர்ப் பட்டியல் யார் மேசையில் தயாரானது என்பதை நான் பார்க்கவில்லை. ஊர் என்ன நம்பியது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "கட்சிக்காரங்க பசங்களுக்குக் குடுத்த வேலை" என்றுதான் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

இந்த ஆய்வில் வருபவர் அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர். 1990இல் அவருக்கு இருபது வயது. பத்தாம் வகுப்பு முடித்தவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவருடைய அப்பா திமுக கிளைக் கூட்டங்களுக்குப் போகிறவர். அதனால்தான் வேலை கிடைத்ததா, அது இல்லாமலும் கிடைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் இருந்ததே அவருக்குப் பெரிய கெடுதலாக முடிந்தது. தேர்வு எழுதி வந்திருந்தால் தன் ஹால் டிக்கெட் எண்ணைக் காட்டி "நான் இப்படித்தான் வந்தேன்" என்று சொல்லியிருப்பார். அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை.

முதல் நீக்கமும் முதல் திரும்பலும்

1991 ஜனவரி கடைசியில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. ஜூனில் அதிமுக ஆட்சிக்கு வந்தது. ஜூலையில் மக்கள் நலப் பணியாளர்கள் எல்லோரும் நீக்கப்பட்டார்கள். எங்கள் ஒன்றியத்தில் எவர் மீதும் தனியாகப் புகார் வரவில்லை, விசாரணை நடக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு போட்டு முடித்தோம்.

1996இல் திமுக திரும்பியது. 1997 தொடக்கத்தில் அவர்களை மீண்டும் வேலைக்கு எடுத்தார்கள். நம்மவருக்கு அப்போது திருமணமாகி ஒரு குழந்தை. இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகள் செங்கல் சூளையில் கணக்கு எழுதியிருக்கிறார். குரூப் 4 எழுதலாமே என்று அப்போது நான் கேட்டேன். "நம்ம ஆட்சி வந்தா வேலை திரும்ப வரும்னு எல்லாரும் சொன்னாங்க சார், அதையே நம்பி இருந்துட்டேன்" என்றார். இருபத்தொன்றிலிருந்து இருபத்தேழு வரை, ஒருவர் தேர்வுக்குப் படிக்க வேண்டிய வயது அந்த நம்பிக்கையில் கழிந்துவிட்டது.

கவனித்தவை: குடிசைக் கணக்கு

1999இல் தொகுப்பு வீட்டுக்கான பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கக் குடிசை வீடுகளின் விவரம் தேவைப்பட்டது. அவருடைய ஊராட்சியில் அந்த வேலையை அவரிடமே கொடுத்தோம். பத்து நாளில் பட்டியல் வந்தது. ஒழுங்காக இருந்தது. ஆனால் கிழக்குத் தெருவிலிருந்து நான்கே பெயர்கள். அந்தத் தெருவில் குறைந்தது இருபது குடிசைகள் இருக்கும் என்று எனக்கே தெரியும்.

அது அதிமுகவுக்கு வாக்களிக்கும் தெரு. கிராம சபையில் பெரிய கூச்சல். "எங்க பேரை வேணும்னே விட்டுட்டான்" என்று புகார். வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ. மறு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். நானும் கிராம நிர்வாக அலுவலரும் வீடு வீடாகப் போனோம்.

விசாரித்ததில், அவர் எந்தப் பெயரையும் விடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருக்கிறார். அந்த வீட்டுக்காரர்கள்தான் விவரம் தர மறுத்திருக்கிறார்கள். ஒரு பாட்டி எங்களிடம் நேராகவே சொன்னார்: "அவன்கிட்ட ரேஷன் கார்டைக் குடுத்தா, எந்தக் கட்சின்னு எழுதிட்டுப் போயிருவான்யா." அதே பாட்டி வி.ஏ.ஓ.விடம் கார்டை எடுத்து நீட்டினார். வி.ஏ.ஓ. வெளியூர்க்காரர், அந்தத் தெருவுக்கு அவர் வருவது அன்றுதான் இரண்டாவது முறை. நம்மவரோ அதே ஊரில் பிறந்தவர், பாட்டிக்குத் தூரத்து உறவும்கூட.

இரண்டு பேரில் யார் நேர்மையானவர் என்று பாட்டி எடை போடவில்லை. வி.ஏ.ஓ.வின் வேலை எந்தக் கட்சி கொடுத்ததும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அரசு ஊழியர் நடுநிலையாக இருந்தால் போதும் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். தனக்கு எதிராக ஓட்டுப் போட்டவரும் அதை நம்பும்படி இருக்க வேண்டும் என்பது அன்று புரிந்தது. அந்த நம்பிக்கை இல்லாததால் கணக்கெடுப்பு மூன்று வாரம் தள்ளிப்போனது. புகார் வராமல் இருந்திருந்தால் பதினாறு குடும்பங்கள் பட்டியலுக்கு வெளியிலேயே நின்றிருக்கும். சலுகை கேட்டுப் போகாதவர்கள் அரசின் கணக்கில் இல்லாமலே போய்விடுவார்கள். யாரும் தவறு செய்யாமலே அப்படி நடக்கும்.

கவனித்தவை: 2001 தேர்தல்

2001 மே மாதத்துச் சட்டமன்றத் தேர்தலுக்கு முன் அவர் ஒரு வார விடுப்புக் கேட்டு வந்தார். தேர்தல் வேலைக்குத்தான் போகிறார் என்று தெரிந்தது. பி.டி.ஓ. உள்ளே கூப்பிட்டு, "சம்பளம் வாங்குறவன் கட்சி வேலைக்குப் போகக் கூடாதுப்பா" என்றார். அவர் தயங்கிவிட்டுச் சொன்ன பதில் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது.

"சார், நீங்க யாரு ஜெயிச்சாலும் ஒண்ணாந்தேதி சம்பளம் வாங்குவீங்க. தோத்தா என் வேலை போயிரும். நான் போகலைன்னா, ஜெயிச்சாலும் என்னை நம்ப மாட்டாங்க."

பி.டி.ஓ.விடம் மறுமொழி இல்லை. விடுப்பில் கையெழுத்துப் போட்டார். அது சரியான முடிவு இல்லை என்பதே என் கருத்து. ஆனால் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மனிதரின் சோறு ஒரு கட்சியின் வெற்றியில் தொங்கும்போது, நடுநிலையாக இரு என்று அவருக்குச் சொல்வது வெறும் வார்த்தை. நடத்தை விதிகள் எனக்கும் பி.டி.ஓ.வுக்கும் அரசியல் கூடாது என்கின்றன. அவற்றை நாங்கள் கடைப்பிடிக்க முடிந்ததற்குக் காரணம், எங்கள் வேலை தேர்தல் முடிவோடு கட்டப்படவில்லை. எங்களுக்கு அவரைவிட மனத்திடம் அதிகம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

அந்தத் தேர்தலில் நான் வாக்குச்சாவடி அலுவலர். தேர்தல் வேலைக்குப் போகும் அரசு ஊழியர்கள் அந்தக் காலத்துக்குத் தேர்தல் ஆணையத்தின் அயற்பணியில் இருப்பதாக மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. சாவடிக்குள் எல்லாக் கட்சி முகவர்களும் நாங்கள் வைத்த முத்திரையை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். என் இடத்தில், இந்த ஆட்சி தோற்றால் வேலை போகும் என்ற நிலையில் இருப்பவர் உட்கார்ந்திருந்தால் அந்த முகவர்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்களா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதிமுக வென்றது. 2001 ஜூன் தொடக்கத்தில், ஆட்சி அமைந்து மூன்று வாரத்துக்குள், மக்கள் நலப் பணியாளர்கள் மறுபடியும் நீக்கப்பட்டார்கள்.

பக்கத்து நாற்காலி

இதே ஊரில் இருந்த வி.ஏ.ஓ.வின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

1980 வரை தமிழகக் கிராமங்களில் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் வேலைகள் பெரும்பாலும் பரம்பரையாகச் சில குடும்பங்களில் இருந்தன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளை ஒழித்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் ஒழிப்பு செல்லும் என்றது. அதன்பின் முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள் தேர்வாணையம் வழியாக வந்தார்கள். இனச்சுழற்சியும் உண்டு என்பதால், கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் ஏறவே முடியாதிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்த ஊரின் அடங்கலை எழுதும் நிலை வந்தது. தகுதித் தேர்வு என்றால் சமூக நீதிக்கு எதிரானது என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு மாற்றத்தைப் பார்த்தால் போதும்.

எங்கள் வி.ஏ.ஓ.வும் அப்படி வந்தவர். 1991, 1996, 2001, 2006, 2011 என்று ஐந்து முறை ஆட்சி மாறியபோதும் அவர் வேலையில் இருந்தார். அவரையும் அமைதியாக விட்டுவிடவில்லை. 2003இல் ஒரு பட்டா மாறுதலில் ஆளுங்கட்சிப் பிரமுகர் கேட்டபடி அறிக்கை எழுத மறுத்தார். இரண்டே மாதத்தில் மாவட்டத்தின் மறுகோடிக்கு மாறுதல். தினமும் நாலு மணி நேரம் பஸ். மாறுதல் என்பது விசாரணை இல்லாமல் கொடுக்கக்கூடிய தண்டனை. அதற்கெதிராக நம்மிடம் இன்றும் வலுவான காப்பு இல்லை. உயர் பதவிகளுக்கு நிலையான பணிக்காலம் வேண்டும், வாய்மொழி உத்தரவைப் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் டி.எஸ்.ஆர். சுப்ரமணியன் வழக்கில் சொன்னது. வி.ஏ.ஓ. வரைக்கும் அது இறங்கி வந்ததை நான் பார்க்கவில்லை.

ஆனாலும் அவரை வேலையிலிருந்து எடுக்க முடியவில்லை. எடுக்க வேண்டுமென்றால் குற்றச்சாட்டை எழுதி 17 பி மெமோ கொடுக்க வேண்டும், விசாரணை அதிகாரி போட வேண்டும், அவர் பதிலைக் கேட்க வேண்டும். அரசியலமைப்பின் 311ஆவது பிரிவு கொடுக்கும் பாதுகாப்பு அது. அந்த நடைமுறை இருக்கிறது என்று தெரிந்ததால்தான் அவரால் பிரமுகரிடம் "முடியாது சார்" என்று சொல்ல முடிந்தது.

2006, 2011: இரண்டு முடிவுகள்

2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாக ஒன்றைச் சொன்னது. பொது அறிவிப்பும் போட்டியும் இல்லாமல் எடுக்கப்பட்டவர்கள், எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும், நிரந்தரம் கேட்கும் உரிமை பெறுவதில்லை. வெளியே வாய்ப்புக் கிடைக்காமல் நிற்கும் மற்றவர்களின் சம உரிமையை அது பறிக்கும் என்பது காரணம்.

அடுத்த மாதம் திமுக ஆட்சிக்கு வந்தது. ஜூனில் மக்கள் நலப் பணியாளர்கள் மூன்றாவது முறையாகச் சேர்க்கப்பட்டார்கள். அரசு சொன்ன காரணம் நியாயமானதே: அநியாயமாக வேலை இழந்தவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பது. ஆனால் திருப்பிக் கொடுத்ததும் பழைய வழியிலேயே. உமாதேவி தீர்ப்பின் மை காய்வதற்குள், விதிப்படி ஒரு தேர்வு வைத்து, பழையவர்களுக்கு வயது வரம்பைத் தளர்த்தி, அனுபவத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்திருக்கலாம். நம்மவர் அந்தத் தேர்வில் எளிதாகத் தேறியிருப்பார். இந்த முழுக் கதையிலும் மிகச் சுலபமாகச் சரிசெய்திருக்கக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. நவம்பர் 8ஆம் தேதி சுமார் 13,500 பேர் ஒரே நாளில் நீக்கப்பட்டார்கள். அவர்கள் செய்யும் பணிகளுக்கு வேறு ஊழியர்கள் இருக்கிறார்கள், அந்த வேலையே தேவையில்லை என்பது அரசின் வாதம். அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஊராட்சி உதவியாளரும் வேலை உறுதித் திட்டப் பணியாளரும் வந்தபின் பணிகள் ஒன்றோடொன்று மோதின. ஆனால் தேவை இல்லை என்ற ஞானம் 1991, 2001, 2011 என்று ஆட்சி மாறிய ஆண்டுகளில் மட்டும் வந்ததை என்னால் தற்செயல் என்று ஏற்க முடியவில்லை. அரசுக்குப் பதவியை ஒழிக்கும் அதிகாரம் உண்டு. 1980இல் பரம்பரை முறையை உடைக்க உதவியது அந்த அதிகாரம்தான். அதே கத்தி 2011இல் வேறொன்றை வெட்டியது.

அன்று மாலை அவர் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பத்தொரு வயது. இதற்குமேல் எந்தப் போட்டித் தேர்வையும் புதிதாகத் தொடங்கும் நிலையில் அவர் இல்லை. மிதிவண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, அது ஊராட்சியின் வண்டி என்று மட்டும் சொன்னார்.

பின்தொடர்ந்தவை

வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி நீக்க ஆணையை ரத்து செய்தார். மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம், மறுபடி உயர் நீதிமன்றம் என்று போய், 2014இல் காலியிடங்களில் அவர்களுக்கு வேலை தரும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. அதை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இப்படியே ஆண்டுகள் போயின. எங்கள் ஒன்றியத்தில் நீக்கப்பட்டவர்களில் சிலர் இதற்குள் இறந்துவிட்டார்கள்.

2021இல் ஆட்சி மாறியது. 2022இல் அவர்களை நூறு நாள் வேலைத் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளர்களாக எடுக்க அரசு முன்வந்தது. மாதம் 7,500 ரூபாய்: அதில் 5,000 வேலைத் திட்டத்திலிருந்து, 2,500 ஊராட்சியிலிருந்து. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ஏற்று வழக்கை முடித்தது. நம்மவர் ஐம்பத்திரண்டு வயதில் சேர்ந்தார்.

என்ன மாற வேண்டும்

நிரந்தரத் தேவை என்றால் நிரந்தரப் பதவியாக, பணிவிதிகளோடு, போட்டித் தேர்வு வழியாக உருவாக்க வேண்டும். தற்காலிகத் திட்டம் என்றால் ஆணையிலேயே முடியும் தேதியைப் போட்டு, சேருகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். 1990இல் இரண்டும் நடக்கவில்லை. நிரந்தரம் போன்ற நம்பிக்கையும் தற்காலிகம் போன்ற பலவீனமும் ஒன்றாகக் கொடுக்கப்பட்டன. ஒரு கட்சி கொடுத்ததும் மறு கட்சி பறித்ததும் ஒரே தவறின் இரண்டு பாதிகள்தான்.

தேர்வு வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நான் சொல்லவில்லை. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் அழியும் மையால் விடைகளைக் குறித்துவிட்டுப் பிறகு திருத்திய மோசடி வெளிவந்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை. ஆனால் அந்த மோசடி எப்படிப் பிடிபட்டது என்று பாருங்கள். தரவரிசைப் பட்டியல் வெளியிடப்பட்டிருந்தது. ஒரே பகுதி மையங்களில் எழுதியவர்கள் முன்னிலையில் குவிந்திருந்ததை மற்ற தேர்வர்களே கண்டு கேட்டார்கள். எங்கள் ஒன்றியத்தின் 1990ஆம் ஆண்டுப் பட்டியலை அப்படி யாராலும் கேள்வி கேட்டிருக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க மதிப்பெண் இருந்தால்தானே கேட்க முடியும்.

அலுவலக அளவில் ஒன்றை நான் மாற்றியிருப்பேன். 1999இல் கணக்கெடுப்பை அவரிடம் தனியாகக் கொடுத்தது எங்கள் பிழை. ஊரின் பார்வையில் கட்சி முத்திரை விழுந்தவரை, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சலுகைப் பட்டியல் எடுக்கத் தனியே அனுப்பக் கூடாது. வி.ஏ.ஓ.வையோ வேறு ஊராட்சி ஊழியரையோ கூட அனுப்பியிருந்தால் கிழக்குத் தெருவும் கார்டைக் கொடுத்திருக்கும், அவருக்கும் அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

2022இல் சேர்வதற்கு முன்பு முந்தைய பணிக்கு ஆதாரம் வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார். எனக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் பணிப்பதிவேடு உண்டு. சேர்ந்த நாள், ஊதிய உயர்வு, விடுப்பு எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். அவருக்கு அப்படி ஒன்று இல்லை. ஒரு பிளாஸ்டிக் உறையில் மூன்று சேர்க்கை ஆணைகள் வைத்திருந்தார். மூன்று நீக்கங்களுக்கும் தன் பெயர் போட்ட காகிதம் எதுவும் தன்னிடம் இல்லை என்றார். இருவருமாக ஒன்றிய அலுவலகத்தின் பதிவறைக்குப் போனோம். 2006 முதல் 2011 வரையிலான சம்பளப் பட்டியல்கள் கிடைத்தன. அதற்கு முந்தையவை இருந்த அலமாரியைக் கரையான் அரித்திருந்தது.